சான்றிதழில் உள்ளது மட்டும் போதும்



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பரவை ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மார்க்‌ஷீட், டிசி, ஆதார் எல்லாம் நகல் எடுத்து முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வி வரும். “அண்ணே, இந்த சாதி சர்டிபிகேட்டை இங்கிலீஷ்ல போட்டுத் தருவீங்களா? வெளி மாநில காலேஜுக்கு அனுப்பணும்.”

கடைக்காரரும் போட்டுத் தருவார். அவசரத்தில், நல்ல எண்ணத்தில், ‘காலேஜுக்குப் புரியுற மாதிரி’ ஒரு வார்த்தையைச் சேர்த்து விடுவார், அல்லது மாற்றி விடுவார். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். கையில் இருப்பது பழைய அட்டை. அதில் தமிழில் ‘சீர்மரபினர்’ என்று எழுதியிருக்கிறது. இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

‘டீநோட்டிஃபைடு கம்யூனிட்டி’ என்று எழுத வேண்டும். சுருக்கமாக டி.என்.சி. ஆனால் இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது ‘டீநோட்டிஃபைடு ட்ரைப்’, அதாவது டி.என்.டி. அதையே போட்டுவிடுகிறார். விண்ணப்பப் பக்கத்தில் ‘ட்ரைப்’ என்ற சொல்லோடு ஒத்துப்போகிற பிரிவு என்ன இருக்கிறது? ST. அதைத் தேர்வு செய்துவிடுகிறார்கள். பழங்குடியினர் பட்டியலில் அந்தச் சாதியே கிடையாது. சரிபார்ப்பு நாளில் விண்ணப்பம் நின்றுபோகும். பொய்த் தகவல் கொடுத்ததாக எண்ணினால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன ஆகும்?

‘ட்ரைப்’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். 1871-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தில்தான் அந்தச் சொல் இருந்தது. பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது நமக்குத் தெரிந்ததே. சட்டம் போன பிறகு அந்தப் பட்டியலில் இருந்த சமூகங்களை ‘டீநோட்டிஃபைடு ட்ரைப்ஸ்’ என்றார்கள். 1979-இல் தமிழக அரசு ஓர் ஆணை மூலம் ‘ட்ரைப்ஸ்’ என்பதை ‘கம்யூனிட்டீஸ்’ என்று மாற்றியது. ஆக, இந்த ‘ட்ரைப்’ அந்தச் சட்டத்தின் மிச்சம். அரசியல் சாசனத்தின் பழங்குடிப் பட்டியலோடு அதற்குத் தொடர்பில்லை.

கதை அதோடு முடியவில்லை. மத்திய அரசின் நலத்திட்டங்கள் டி.என்.டி. என்ற பெயரில் வருவதால், 2019 மார்ச்சில் தமிழக அரசு இரண்டு சான்றிதழ்களுக்கு வழி செய்தது: மாநில இடஒதுக்கீட்டுக்கு டி.என்.சி., மத்திய நலத்திட்டங்களுக்கு டி.என்.டி. இரண்டுக்கும் பதிலாக ஒரே சான்றிதழ் என்று 2024 மார்ச்சில் முதலமைச்சர் அறிவித்தார். எனவே ஒரே தெருவில் மூன்று வீடுகளில் மூன்று காலத்துச் சான்றிதழ்கள் இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவின் மொழிபெயர்ப்பை மாதிரியாக வைத்து உங்கள் பிள்ளைக்கு எழுதாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். உங்கள் தாளில் எந்தச் சொல் இருக்கிறதோ அது மட்டுமே மொழிபெயர்ப்பில் வர வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “விண்ணப்பத்துல டி.என்.சி.ன்னு ஒரு கட்டமே இல்லையே, பிறகு என்னத்தை டிக் பண்றது?”

மொழிபெயர்ப்பு ஒரு வேலை, விண்ணப்பத்தில் பிரிவைத் தேர்வு செய்வது வேறொரு வேலை. இந்த இரண்டையும் கலப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. அந்தப் பெண் தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால், மாநிலத்தின் 20 சதவீத ஒதுக்கீட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோரோடு சீர்மரபினரும் ஒரே பிரிவில் வருவார்கள். மத்திய நிறுவனத்துக்குப் போனால் அங்கே அவள் பார்க்க வேண்டியது OBC-NCL. அதற்கும் அவள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் கிரீமி லேயருக்குள் வரக் கூடாது. பெண் ஒருத்திதான். ஒவ்வொரு கதவிலும் அவள் பிரிவுக்குப் பெயர் வேறு.

‘அப்படியானால் மொழிபெயர்ப்பிலேயே ஓ.பி.சி. என்று போட்டுவிட்டால் வேலை சுலபமாயிற்றே’ என்று தோன்றும். பி.சி. சான்றிதழ் வைத்திருக்கிற வீடுகளில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்’ என்றால் ‘பேக்வேர்டு கிளாஸ்’ என்று மட்டும் எழுத வேண்டும். முன்னால் ‘அதர்’ சேர்த்தால் அது வேறொரு பட்டியல், வேறொரு சட்டம், கூடவே ஒரு வருமான நிபந்தனை. மாநிலச் சான்றிதழை என்னதான் அழகாக மொழிபெயர்த்தாலும் அது மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் ஆகாது. அதை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து, மத்திய அரசின் படிவத்திலேயே வாங்க வேண்டும். அது ஆங்கிலத்தில்தான் வரும். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல். ‘ஆதிதிராவிடர்’ என்பது அந்தப் பட்டியலில் உள்ள ஒரு சாதியின் பெயர். துறையின் பெயரிலும் பேச்சு வழக்கிலும் அதே சொல் மொத்தப் பிரிவையும் குறிக்கிறது. சான்றிதழில் சாதிப் பெயர் வரும் இடத்தில் அது இருந்தால் ‘ஆதி திராவிடா’ என்று பட்டியலில் உள்ளபடி எழுதுங்கள். பிரிவு வரும் இடத்தில் மட்டும் ‘ஷெட்யூல்டு காஸ்ட்’. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கக் கூடாது.

பிறப்பிடச் சான்றிதழையும் பலர் ‘பர்த் சர்டிபிகேட்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அது ‘நேட்டிவிட்டி சர்டிபிகேட்’. இருப்பிடச் சான்றிதழ் என்றால் ‘ரெசிடென்ஸ்’. மற்ற மாநிலங்களில் ‘டொமிசைல்’ கேட்கிறார்களே என்று அந்தச் சொல்லை நீங்களாகப் போடாதீர்கள். நேட்டிவிட்டி போதுமா என்று கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள்.

இனி, எப்படிச் செய்வது? முதலில் தாளைத் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அந்த எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் சாதிப் பெயருக்கு அரசுப் பட்டியலின் எழுத்துக்கூட்டலை எடுங்கள். ‘பிரமலை’, ‘பிரான்மலை’ என்று தமிழிலேயே இரண்டு விதமாக எழுதுகிற ஊர் இது. ஒலியை வைத்து நாமே ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாவது ஒன்று பிறந்துவிடும். மாணவியின் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். அரசாணை எண், தேதி, சான்றிதழ் எண், கையெழுத்திட்டவர் பதவி எதையும் விடக் கூடாது. துணை வட்டாட்சியர் கையெழுத்திட்டிருந்தால் ‘டெப்யூட்டி தாசில்தார்’தான். மரியாதைக்காக அவரைத் தாசில்தார் ஆக்கினால், யார் வழங்கியது என்ற கேள்வி வரும்.

சான்றிதழிலேயே தவறு இருந்தால்? மொழிபெயர்ப்பில் திருத்தக் கூடாது. இருக்கிறபடி எழுதிவிட்டு, திருத்தத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் நோட்டரியிடம் போங்கள். நோட்டரிச் சட்டம் 1952, பிரிவு 8-இன்படி மொழிபெயர்க்கவும் அதைச் சரிபார்த்துச் சான்றளிக்கவும் நோட்டரிக்கு அதிகாரம் உண்டு. மூலத்தின் நகலும் மொழிபெயர்ப்பும் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை விழட்டும். கையெழுத்து வாங்கும் முன் அந்தப் பிரிவுச் சொல் இருக்கும் வரியைத் தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் இரண்டு பேராவது படித்துப் பாருங்கள்.

ஓ.பி.சி. சான்றிதழ் தேவைப்படுகிற வீடுகளுக்கு ஒரு நினைவூட்டல். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கு அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கியதைத்தான் ஏற்பார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திராமல், ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்