எழுத்தைச் சுற்றிய அழுக்கு
மென்பொருள் கையேடு ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளில் எழுத்துகளைச் சுற்றிச் சாம்பல் துகள்கள். ‘க்’கின் புள்ளியே கரைந்திருந்தது. படிப்பவர்களை நினைத்து வருந்தினேன். இந்த அழுக்கு ஜேபெக்கின் வேலை. அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக எழுதி, நுண்ணிய அலைகளை அதிகம் கழிக்கிறது. முகத்துக்கும் வானத்துக்கும் அது போதும். வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் சட்டெனத் தாவும் எழுத்தின் விளிம்போ அந்த நுண்ணிய அலைகளால்தான் நிற்கிறது; அவை குறைந்ததும் கட்டம் முழுக்க அழுக்கு சிதறுகிறது. நிற விவரத்தையும் பெரும்பாலும் குறைத்துவிடுவதால் சிவப்பு எழுத்து இன்னும் மோசம். பிஎன்ஜி எந்தப் பிக்சலையும் மாற்றாது. ஒரே நிறப் பரப்பு மிகுந்த திரைக்குக் கோப்பும் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். ஆனால் படம் பிடிக்கும்போதே பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கைப் பிறகு பிஎன்ஜியாக மாற்றினால் அழுக்கும் அப்படியே பதிவாகிவிடும்.