காய்கனி தெரியவில்லை, முகம் தெரிந்தது

முகக்குருட்டை விளக்குவோர் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகின்றனர். மூளையின் அடிப்புறத்தில், சிறப்பாக வலப்பக்கத்தில், பழுது நேர்ந்தவருக்கு மனைவியின் முகமும் அயலார் முகமாகிறது. குரல் கேட்ட பின்பே ஆள் தெரிகிறது. இதைக் கொண்டு மட்டும் முகத்துக்கெனத் தனிப்பகுதி உண்டு என்று முடிவுகட்ட இயலாது. முகங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. பழுதுற்ற பொதுக்கருவி கடினமான வேலையில்தானே முதலில் தவறும்?

இவ்வையத்தைத் தகர்த்தவர், கனடாவில் ஆராயப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில் சி.கே. எனக் குறிக்கப்பட்டவர். தலைக்காயத்துக்குப் பின் அன்றாடப் பொருள்களைக் கண்ணால் அறிய அவரால் இயலவில்லை. முகங்களை மட்டும் பிறரைப் போலவே அறிந்தார். ஆர்ச்சிம்போல்டோ என்னும் 16ஆம் நூற்றாண்டு ஓவியர் காய்கனிகளை அடுக்கி மனித முகங்களாகத் தீட்டியவர். அவ்வோவியங்களில் சி.கே. முகத்தைக் கண்டார், அது எவற்றால் ஆனது என்பது அவருக்குப் புலப்படவில்லை. கடினமானது எஞ்சி, எளியது போயிற்று!

ஆயினும் ‘முகப்பகுதி’ என்ற பெயர் சற்றே அவசரமானது. முகப்படத்தைத் தலைகீழாக்கியதும் சி.கே. மற்றவர்களைவிட மிகுதியாகத் தடுமாறினார். கண்ணும் மூக்கும் அவையேதாம். நிலை மட்டுமே மாறியது. அவரிடம் பிழைத்திருந்தது நிமிர்ந்த முகத்தை ஒரே அமைப்பாகப் பற்றும் திறன். தலைகீழ் முகத்தை உறுப்பு உறுப்பாகச் சேர்த்தறிய வேண்டும். அவர் இழந்தது அதைத்தான்.