கல் உப்பு சாயத்தை நிறுத்தாது



எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ரோஸ் நிறமாகிவிட்டது என்று துணி துவைக்கும் அம்மாவின் சம்பளத்தில் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புதுச் சேலையைச் சோதித்துப் பார்க்காமல் மற்ற துணிகளோடு வாளியில் போட்டுக் கொடுத்தது வீட்டுக்காரர்கள். "உப்புத் தண்ணீரில் ஊற வைத்துத்தானே சார் கொடுத்தோம்" என்று என்னிடமே வாதம் வேறு. வேதியியல் நடத்தியவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாயப் பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தைப் பருத்தி நூலின் பக்கம் தள்ளுவதற்காகப் போடுகிறார்கள். இப்போது பருத்திக்குப் பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களில், சாயத்தை நூலோடு நிரந்தரமாகப் பிணைப்பது உப்பு அல்ல, அதன்பின் சேர்க்கும் சலவைச் சோடா போன்ற காரம். அப்படியும் பிணையாமல் கொஞ்சம் சாயம் நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பட்டறையிலேயே பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். அங்கே தண்ணீரை மிச்சம் பிடித்தால், மீதி அலசல் நம் வீட்டு வாளிக்கு வந்து சேரும்.

அந்த வாளியில் நாம் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்? வெளியேற வேண்டிய சாயத்தை மறுபடியும் துணியிலேயே இருக்கச் சொல்கிறோம். தண்ணீர் தெளிவாகத் தெரியும், நமக்கும் நிம்மதி. அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டதும் அதே சாயம் வெளியே வரும். வினிகரும் பருத்திக்கு உதவாது.

செய்ய வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. மெரூன் நிறச் சுங்குடிச் சேலை வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உள்பக்கம் சொருகும் முனையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நனையுங்கள். அதில் துளி சோப்புத் தண்ணீரும் விடுங்கள், ஏனென்றால் வெறும் தண்ணீருக்கு அசையாத சாயம் சோப்புக்கு அசையலாம். அதன்மேல் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். கறை லேசாக இருந்தாலும் தனியாகத்தான் துவைக்க வேண்டும். கரையில் வேறு நிறம் இருந்தால் அதையும் இதேபோல் பாருங்கள். ஜீன்ஸ் மட்டும் வேறு ரகம். அதிலுள்ள இண்டிகோ நூலின் மேற்பரப்பில் தங்குவதால் காய்ந்த துணியைத் தேய்த்தாலே ஒட்டும், பல சலவைக்குப் பிறகும் கொஞ்சம் ஒட்டும்.

சுங்குடியில் இன்னொரு சிக்கல் உண்டு. முடிச்சுப் போட்ட இடங்கள் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். சேலையைத் தனியாகத் துவைத்தாலும் அதன் சாயம் அதன் புள்ளிகளிலேயே ஏறலாம். ஆகவே ஊற வைக்கக் கூடாது. பெரிய வாளி நிறையப் பச்சைத் தண்ணீர், ஒரு ஸ்பூன் மென்மையான சோப்புத் திரவம், ஐந்து நிமிடத்துக்குள் அலசி எடுத்துவிட வேண்டும். பிறகு புதுத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள். ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து வெள்ளைத் தாளின் முன் வரிசையாக வையுங்கள். நிறம் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போனால் உபரிச் சாயம்தான் போகிறது என்று பொருள். மூன்று நான்கு சலவை ஆன பின்னும் முதல் டம்ளர் அதே அடர்த்தியில் இருந்தால், அது பிணையாத சாயம். அந்தச் சேலைக்கு என்றைக்கும் தனி வாளிதான். சேலை நன்றாக இருக்கும்போதே கடைக்காரரிடமும் கேட்டுவிடலாம்.

நான் பார்த்தவரை பாதி விபத்து துவைக்கும்போது நடப்பதில்லை. பிழிந்த துணியைச் சுருட்டி வாளியிலேயே விட்டுவிட்டுச் சீரியல் பார்க்கப் போகிறோமே, அப்போது நடக்கிறது. ஈரம் இருக்கும்வரை சாயம் நகரும். உடனே உதறி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் நிழலில் விரித்துப் போடுங்கள்.

வெள்ளையில் கறை ஏறிவிட்டால் காய விடாதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே நிறையச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெள்ளைப் பருத்தி என்றால் ஆக்சிஜன் ப்ளீச் பவுடர் போடலாம். பட்டுக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

அம்மாடிகளா, சேலையைப் பார்ப்பவர்கள்கூட ஃபால்ஸையும் ரவிக்கை லைனிங்கையும் மறந்துவிடுகிறார்கள். அவையும் சாயம் ஏற்றிய துணிதான். தையல்காரரிடம் கொடுக்கும் முன்பே இரண்டையும் நனைத்து, அலசி, காய வைத்துக் கொடுங்கள். தைத்த பிறகு பிரிக்க முடியாது.