படத்தில் சிவப்பு, கையில் வெளுப்பு

கேள்வி: பண்ணைக்குட்டையில் பிடிக்கும் கட்லா, ரோகு மீன்களை ஐஸில் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். "படத்தில் செவுள் சிவப்பாக இருந்தது, வந்த மீன் வெளுத்திருக்கிறதே" என்று திருப்பிவிடுகிறார்கள். மீன் அன்று காலை பிடித்ததுதான். தவறு எங்கே?

பதில்: முதலில் படத்திலுள்ள ஐஸைப் பாருங்கள். ஐஸ் வெள்ளையாகத் தெரிந்தால் மீனின் நிறமும் உண்மை. அது இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், சிவப்புத் தார்ப்பாய் அல்லது சிவப்புத் தட்டின் சாயல் மீன்மேல் விழுந்திருக்கிறது என்று பொருள். மஞ்சள் பல்பும் இப்படித்தான் ஏமாற்றும். காலை வெளிச்சத்தில், மர நிழலில், வெள்ளைத் தட்டில் வைத்து எடுங்கள். பிளாஷ் போட்டால் செதில் மினுமினுக்காது, வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, சாய்வான வெளிச்சத்தில் எடுத்தாலே செதில் பளபளக்கும். கைபேசியில் நிறத்தைக் கூட்ட வேண்டாம்.

இரண்டாவது காரணம் ஐஸ் தண்ணீர். அதில் ஊற ஊறச் செவுளின் சிவப்பு வெளுக்கும், கண்ணும் மங்கும். எனவே நொறுக்கிய ஐஸில் மீனை வைத்தவுடனே செவுளைத் திறந்து படமெடுங்கள். கொண்டுபோகும்போது மீனைப் பாலித்தீன் பையில் கட்டி, 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் வைத்து, உருகும் நீர் வடிய வழிவிடுங்கள்.

படத்தோடு பிடித்த நேரத்தையும், "ஐஸில் வருவதால் செவுள் சற்று வெளுக்கலாம்; விரலால் அழுத்தினால் சதை மேலெழும்பும்" என்பதையும் எழுதி அனுப்புங்கள். செவுள் பழுப்பாகி, புளித்த வாடை வந்த மீனை மட்டும் படமெடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.