பாஸ்போர்ட் முதலாளியின் சொத்து அல்ல. அது இந்திய அரசின் சொத்து



வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணனிடமோ மாமாவிடமோ இன்றைக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: "பாஸ்போர்ட் யார் கையில இருக்கு?" பல வீடுகளில் ஒரே பதில்தான் வரும். "கம்பெனிலதான் இருக்கு. எல்லாருக்கும் அப்படித்தான்."

எல்லாருக்கும் அப்படித்தான் நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், அது இந்திய அரசின் சொத்து என்று அச்சிட்டிருக்கும். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வதும் அதைத்தான். இன்னொரு நாட்டில் ஒரு தனியார் முதலாளி அதை அலமாரியில் பூட்டி வைத்தால், அவர் பூட்டி வைப்பது நம் அரசின் சொத்தை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் அரசே நினைத்த மாத்திரத்தில் அதைப் பறித்துவிட முடியாது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் வரும், முறையான நடைமுறை இல்லாமல் பாஸ்போர்ட்டை முடக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2008-இல் சுரேஷ் நந்தா வழக்கில், சி.பி.ஐ.கூட பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாமே தவிர முடக்கி வைத்துக்கொள்ள முடியாது, அந்த அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு என்றது. சி.பி.ஐ.க்கே இல்லாத அதிகாரம் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி சூப்பர்வைசருக்கு எங்கிருந்து வந்தது?

அந்த அதிகாரத்தைக் கொடுப்பது கஃபாலா, அதாவது ஸ்பான்சர் முறை. உங்கள் விசா, தங்கும் அனுமதி, வேலை மூன்றும் ஒரே ஆளின் பெயரில் தொங்கும். அவர்தான் கஃபீல். வேலையை விட்டால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் சேர்ந்தே போய்விடும். நம்ம ஊரிலேயே பாண்ட் எழுதி வாங்கி, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைக்கும் கம்பெனிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சர்ட்டிபிகேட் போனாலும் ஆள் வீட்டுக்குப் போகலாம். இங்கே ஆளே நகர முடியாது.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? ராமநாதபுரத்திலிருந்து ஒரு டிரைவர் கத்தார் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறங்கியதும் மெடிக்கல், கைரேகை, ரெசிடென்சி எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் தேவை. அதனால் கம்பெனி ஆள் வாங்குவதில் தப்பே இல்லை. ஐ.டி. கார்டு கைக்கு வருகிறது, பாஸ்போர்ட் மட்டும் திரும்ப வருவதில்லை. கேட்டால், "சேஃப்டிக்காக வச்சிருக்கோம்." மூன்று மாதம் சம்பளம் நிற்கிறது. பொறுக்க முடியாமல் அவர் வேறு இடத்துக்குப் போகிறார். அடுத்த நாளே கஃபீல் "ஆள் ஓடிப்போய்விட்டார்" என்று அரசிடம் புகார் கொடுக்கிறார். சம்பளம் கொடுக்காதவர் புகார்தாரர் ஆகிறார், சம்பளம் கேட்டவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிறார். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு ஒரு புகார் மட்டுமே போதும்.

சரி, கத்தாரில் சட்டமே இல்லையா? இருக்கிறது. ரெசிடென்சி வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2009 சட்டத்திலேயே இருந்தது. 2015-இன் 21-ஆம் எண் சட்டம் அபராதத்தை 25,000 ரியால் வரை உயர்த்தியது. 2018-இலும் 2020-இலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு எக்ஸிட் பெர்மிட் நீக்கப்பட்டது. 2020-இல் வேலை மாற பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியும் போனது. இவை உண்மையான முன்னேற்றங்கள், மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த 2015 சட்டத்திலேயே ஒரு சந்து உண்டு. தொழிலாளி எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொண்டால் முதலாளி பாஸ்போர்ட்டை வைத்திருக்கலாம். விஷயம் தெரிந்த கம்பெனிக்கு இது போதும். சேரும் அன்றைக்கு நீட்டுகிற காகிதக் கட்டில் இதையும் செருகி, "எல்லாரும் போடுறாங்க, போடுங்க" என்றால் முடிந்தது. கடன் வாங்கி வந்த ஒருவர், படிக்க முடியாத மொழியில், முதல் நாளே போடும் கையெழுத்துக்குப் பெயர் சம்மதமா? உண்மையான சம்மதத்தை அடையாளம் காண ஒரே சோதனைதான் இருக்கிறது. கேட்ட அன்றே, காரணம் கேட்காமல், பாஸ்போர்ட் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அது பிடித்துவைத்தல். பாதுகாப்புதான் நோக்கம் என்றால், கேம்ப் அறையில் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி கொடுத்தாலே போதுமே!

"இது கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறு, அரசு என்ன செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு மனித உரிமைச் சட்டத்தில் நேரடிப் பதில் இருக்கிறது. எந்த நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 12-வது பிரிவு. குவைத், பஹ்ரைன், கத்தார் மூன்றும் இதை ஏற்ற நாடுகள். அரசே உரிமையை மீறாமல் இருப்பது பாதிக் கடமைதான். தனியார் மீறும்போது தடுப்பது, விசாரிப்பது, தண்டிப்பது மீதிக் கடமை. இதை ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இல் தன் 31-வது பொதுக் கருத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அபராதம் இருந்து, தேடிப் பிடித்து விதிக்க ஆள் இல்லாவிட்டால் கடமை நிறைவேறவில்லை என்றுதான் அர்த்தம்.

சவூதியும் அமீரகமும் ஓமனும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனால் ஆறு வளைகுடா நாடுகளும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கட்டாய உழைப்புக்கு எதிரான 29-வது ஒப்பந்தத்தை ஏற்றிருக்கின்றன. கட்டாய உழைப்பைக் கண்டறிய அந்த அமைப்பு சொல்லும் 11 அடையாளங்களில், ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று. தப்பிக்க வழியில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். பறிக்கப்படுவது இந்திய அரசின் சொத்து என்றால், முதலில் கேட்க வேண்டியது யார்? கேட்டால் தூதரகம் அவசரச் சான்றிதழ் தருகிறது, உண்மைதான். ஆனால் அது ஊருக்குத் திரும்ப மட்டுமே உதவும் ஒருவழிக் காகிதம். ஓடிப்போன புகாரும் தங்கல் அபராதமும் தீராமல் அதையும் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. சம்பள பாக்கி அங்கேயே போய்விடும். ஆகவே நாம் கேட்பது இரண்டு. ஒன்று, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர மறுக்கும் முதலாளிக்குத் தூதரகமே எழுத வேண்டும், திரும்பத் திரும்பச் செய்யும் கம்பெனிக்கு இந்தியாவில் ஆள் எடுக்கும் அனுமதியை நிறுத்த வேண்டும். இரண்டு, 1990-ஆம் ஆண்டின் ஐ.நா. புலம்பெயர் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா ஏற்க வேண்டும். அதன் 21-வது பிரிவு, சட்டப்படி அதிகாரம் பெற்ற அரசு அலுவலர் தவிர வேறு யாரும் அடையாள ஆவணங்களைப் பறிமுதல் செய்வது சட்டவிரோதம் என்கிறது. இலங்கை 1996-லேயே ஏற்றுவிட்டது. நாம் இன்னும் ஏற்கவில்லை.

கடைசியாக, இந்த மாதம் விமானம் ஏறப்போகிறவர்களுக்கு. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால், "இன்று ரெசிடென்சி வேலைக்காகக் கொடுத்தேன்" என்று வாங்கியவருக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்கள், தேதியோடு சாட்சி ஆகிவிடும். சம்பளம் நின்றால் முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிலும் தூதரகத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள், இடத்தை விட்டு நகர்வது அதற்குப் பிறகு. உங்கள் புகார் தேதி முன்னால் இருந்தால், கஃபீலின் "ஓடிப்போனார்" கதையை எதிர்க்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

வளைகுடாவில் ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பதிவைப் பகிருங்கள்.