நற்சான்றிதழ் சொல்லாத செய்தி

தென்மராட்சியில் இன்று பல வீடுகளில் முதியவர்கள் தனித்திருக்கின்றார்கள். பிள்ளைகள் கனடாவிலோ, இலண்டனிலோ, கொழும்பிலோ வாழ்கின்றனர். தாய்க்குப் பாரிசவாதம் வந்து சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும், அவரைப் பராமரிக்க ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நாட்டில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதை எட்டியோ கடந்தோ இருந்தனர். அதன் பின்னர் அந்த விகிதம் உயர்ந்துகொண்டே வருகிறது. ஆகவே வீட்டுப் பராமரிப்பாளரைத் தெரிவுசெய்வது இனிச் சில குடும்பங்களின் தனிப்பட்ட சிக்கல் மாத்திரமன்று.

ஆனால் இத்தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது? தெரிந்த ஒருவர் மூலம் ஒரு பெண் வருகின்றார். எந்த ஊர், யாருடைய மகள், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கின்றீர்கள் என்ற மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசுகின்றார். அடுத்த நாளே வீட்டின் திறப்பும், மருந்துப் பெட்டியும், பேச இயலாத ஒரு மனிதரின் உடலும் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

முன்னர் இந்த மூன்று கேள்விகள் ஓரளவு போதுமானவையாக இருந்தன. ஊர் என்பதே அக்காலத்தில் ஒரு சாட்சியாக இருந்தது. மூன்று தலைமுறையை அறிந்த அயலவர் பொறுப்பேற்றார். தவறு நேர்ந்தால் அவரிடம் கேட்க முடிந்தது. அந்த அமைப்பு போரினால் சிதைந்தது. 1990 ஒக்டோபரில் சாவகச்சேரி முஸ்லிம்கள் தம் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1995 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தனர். 2000 இல் தென்மராட்சி மக்களே ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. மீள வந்து குடியேறியவர்களில் பலருக்கு இன்று பக்கத்து வீட்டாரின் பின்னணி தெரியாது. எனினும் நாம் இன்னும் பழைய கேள்விகளையே கேட்டுக்கொண்டிருக்கின்றோம். "யாருடைய மகள்" என்ற கேள்விக்குள் சாதியை அறியும் நோக்கமும் பல வேளைகளில் ஒளிந்திருக்கின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், அப்பெண் நோயாளியைப் படுக்கையில் எவ்வாறு புரட்டுவார் என்பதைச் சொல்லாது.

இப்போது பலரும் கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றிதழைக் கேட்கின்றனர். அதனைக் கேட்பது சரியே. ஆனால் அச்சான்றிதழ் என்ன சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இவர் இந்தப் பிரிவில் வசிக்கின்றார், இவருக்கு எதிராகத் தமக்குத் தெரிந்த குற்றச்சாட்டு ஏதுமில்லை என்பதே அதன் சாரம். இவர் பொறுமைசாலி என்றோ நோயாளியைப் பராமரிக்கத் தெரிந்தவர் என்றோ எந்தக் கிராம அலுவலராலும் உறுதிகூற இயலாது. தேசிய அடையாள அட்டையும் ஆளை அடையாளம் காட்டுமேயன்றி ஆளின் தன்மையைக் காட்டாது. அதன் பிரதியை வைத்துக்கொள்வது போதுமானது. மூலத்தை வாங்கிப் பூட்டிவைப்பது முறையன்று.

அவ்வாறாயின் எதனைக் கேட்பது? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மீசாலையில் ஒரு வீடு. 78 வயதுத் தாய்க்கு வலப்பக்கம் செயலிழந்துள்ளது. சாப்பிடும்போது இருமல் வருகிறது. இரவில் இரண்டு, மூன்று தடவை விழிக்கின்றார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றார். இவ்வளவையும் முதலில் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். வேலை இன்னதென்று வீட்டார் அறியாமல் வேலைக்கு ஆளை அறிய முடியாது.

நேர்முகத்துக்கு வரும் பெண்ணிடம் "அன்பாகப் பார்ப்பீர்களா" என்று கேட்டால் "சொந்த அம்மாபோல் பார்ப்பேன்" என்ற பதிலே வரும். அதில் பொய்யும் இல்லை, பயனும் இல்லை. மாறாக, நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும். "கடைசியாக நீங்கள் பார்த்தவர் சாப்பிட மறுத்த ஒரு நாளைச் சொல்லுங்கள். அப்போது என்ன செய்தீர்கள்?" உண்மையில் பராமரித்தவர் உடனே சிறு விவரங்களுக்குள் சென்றுவிடுவார். கஞ்சியைத் தடிப்பாக்கினேன், அரை மணித்தியாலம் விட்டுவிட்டு மறுபடி போனேன், மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன் என்பார். தமக்குக் கோபம் வந்ததையும் சொல்வார். "எனக்குக் கோபமே வராது" என்பவரைவிட, "கோபம் வந்தது, முற்றத்துக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தேன்" என்பவரிடம் நாம் கூடுதலாக நம்பிக்கை வைக்கலாம்.

அடுத்து, செய்துகாட்டச் சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது கதிரையை எந்தப் பக்கம் வைப்பார்? பலமுள்ள பக்கத்தில் வைக்க வேண்டும். பலவீனமான பக்கத்தைத் தாம் தாங்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பவர் தோள்மூட்டைக் கெடுத்துவிடுவார். உணவூட்டும்போது தலையையும் முதுகையும் நிமிர்த்தி வைப்பாரா? உண்டபின் ஏறத்தாழ அரை மணித்தியாலம் படுக்க விடாமலிருப்பாரா? படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பது தெரியுமா? இவை தெரியாததால் மாத்திரம் ஒருவரை நிராகரிக்க வேண்டியதில்லை. இவற்றைச் சில நாட்களில் கற்பிக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கின்றாரா என்பதே கவனிக்க வேண்டியது. மருந்தின் அளவு விளங்காதபோது ஊகித்துக் கொடுப்பவரும் கேட்டறிந்து கொடுப்பவரும் இங்கேதான் வேறுபடுகின்றார்கள்.

பொறுமையை வாய்ப்பேச்சில் அளக்க முடியாது. வந்தவரை நோயாளியின் அருகில், சாப்பாட்டு வேளையில், அரை மணித்தியாலம் இருக்கவிட வேண்டும். அவர் முதலில் யாரிடம் பேசுகின்றார்? வீட்டாரிடமா, படுத்திருப்பவரிடமா? கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கின்றாரா? கரண்டியை நீட்டுமுன் முந்தைய வாய் விழுங்கப்பட்டதா என்று பார்க்கின்றாரா? இதன் பிறகு சம்பளத்துடன் ஒரு வாரம் பரீட்சார்த்தமாக வைத்துக்கொள்ளலாம். சம்பளமில்லாத பரீட்சை என்பது சுரண்டலேயன்றி வேறில்லை.

பரிந்துரைகளை வாசிப்பதுடன் நின்றுவிடக் கூடாது, விசாரிக்க வேண்டும். தரகர் தரும் கடிதத்தையும் உறவினரின் வாக்கையும் பரிந்துரையாகக் கணக்கிட முடியாது. முன்னர் வேலை செய்த வீட்டுடன் நேரடியாகப் பேசி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை இருந்தார், இரவில் தனியே விட்டுச்சென்றீர்களா, ஏன் விலகினார், மறுபடியும் எடுப்பீர்களா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு முன் வரும் தயக்கம் பல கடிதங்களைவிடக் கூடுதலாகச் சொல்லும். திகதிகள் பெண் சொன்னவற்றுடன் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதேவேளை, இடைவெளி இருப்பதனாலேயே சந்தேகிக்கலாகாது. பராமரித்தவர் இறந்துவிட்டதால் வேலை முடிவதே இத்தொழிலின் இயல்பு. மத்திய கிழக்கில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய பெண்களுக்கு விசாரிக்கத்தக்க தொலைபேசி இலக்கமே இராது. அவர்களுக்குப் பரீட்சார்த்த வாரமே பரிந்துரையாகும்.

நகை, பணம் பற்றியும் முதல் நாளே பேசிவிடுவது இருபுறத்துக்கும் நல்லது. மறதிநோய் உள்ள முதியவர்கள் பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு மற்றவர் திருடியதாகச் சொல்வது அந்நோயின் அறியப்பட்ட குணம். பெறுமதியானவற்றை அகற்றிவிட்டு, எஞ்சியவற்றைப் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட்டால் நோயின் பழி ஓர் ஏழைப் பெண்ணின் தலையில் விழாது.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் நோக்கியாக வேண்டும். வேலை தேடி வரும் பெண்ணும் முன்பின் அறியாத வீட்டுக்குள்தான் நுழைகின்றார். அந்த வீட்டாருக்கு யார் நற்சான்றிதழ் தருவது? 1871 ஆம் ஆண்டின் வீட்டுப் பணியாளர் பதிவுக் கட்டளைச் சட்டம், பணியாளர் ஒரு பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றும், எசமானர் அதில் அவரது நடத்தை பற்றி எழுத வேண்டும் என்றும் விதித்தது. எசமானரின் நடத்தையை எழுத அதில் இடமிருக்கவில்லை. அச்சட்டம் வழக்கொழிந்து வெகுகாலமாகிவிட்டது. அதன் மனப்பாங்கு மாத்திரம் நம்மிடையே வழக்கொழியவில்லை.

வேலையின் விவரத்தை முன்கூட்டியே சொல்லாததன் விலையை மூதூர் ரிசானா நபீக்கின் முடிவு நமக்குக் காட்டியது. 2005 இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றவர் அவர். குழந்தை பராமரிப்பில் பயிற்சியற்ற அவரிடம் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. புட்டிப்பால் ஊட்டும்போது மூச்சுத் திணறியதாகவே அவர் கூறினார். 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. உங்கள் உண்மையான வயது என்ன, குழந்தை பராமரித்திருக்கின்றீர்களா என்ற இரு கேள்விகளை அந்தத் தொடரில் எவரேனும் நேர்மையாகக் கேட்டிருந்தால், அக்குழந்தையும் அப்பெண்ணும் ஒருவேளை பிழைத்திருப்பர். அன்று கொதித்தெழுந்த நாம், நம் வீட்டுக்குச் சமையலுக்கென்று அழைத்த பெண்ணிடம் மறுநாளே நோயாளியையும் ஒப்படைக்கின்றோமா என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே நேர்முகத்தின் பிற்பாதி பணியாளருக்குரியது. எங்கே உறங்குவார், இரவில் விழித்தால் பகலில் எப்போது ஓய்வு, மாதத்தில் எத்தனை நாள் விடுமுறை, வீட்டில் ஆண்கள் யார் யார் என்பன அவர் கேட்கத் தகுந்தவை. இந்து வீட்டில் முஸ்லிம் பெண்ணோ, முஸ்லிம் வீட்டில் இந்துப் பெண்ணோ பணிபுரிவதாயின் தொழுகை நேரம், நோன்பு, விரதம், ஹலால் உணவு ஆகியவை பற்றி முதல் நாளே தெளிவாகப் பேசிக்கொள்ளலாம். பேசாமல் விட்டால் இவை இரண்டாம் மாதத்தில் மனக்கசப்பாக மாறும். தனிக் கோப்பை வைக்கும் வீட்டுக்கு நம்பிக்கையைப் பற்றிப் பேச உரிமையில்லை.

2011 இல் சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயம், வேலை நிபந்தனைகள் பணியாளருக்குத் தெளிவாக, இயன்றவரை எழுத்தில் தரப்பட வேண்டும் என்கிறது. இலங்கை அதனை ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுப் பணி ஊழியர் சேமலாப நிதிக்குள்ளும் அடங்கவில்லை. சட்டம் வரும்வரை ஒரு பக்க ஒப்பந்தத்தை எழுதுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் பணியாற்றுகின்றனர். சாவகச்சேரியிலுள்ள தென்மராட்சிப் பிரதேச செயலகம் முன்னின்று, பராமரிப்புப் பணிக்கு விரும்புவோரினதும் அவர்களை அமர்த்தும் வீடுகளினதும் விவரங்களை, இருசாராரின் சம்மதத்துடன், ஒரே பதிவேட்டில் பேணலாம். யார் எந்த வீட்டில் எவ்வளவு காலம் இருந்தார் என்பது அதில் பதிவானால், சிதைந்துபோன ஊர்ச் சாட்சியின் இடத்தை அது ஓரளவு நிரப்பும். 1871 இன் பதிவேட்டைப்போல் அது ஒரு கையால் மாத்திரம் எழுதப்படுவதாக இருக்கக் கூடாது என்பதே நமது நிலைப்பாடு.