பில் போட்டோவில் எண் மங்கலா? வகுத்துப் பாருங்கள்!

சூப்பர் மார்க்கெட் பில்கள் பெரும்பாலும் தெர்மல் பேப்பரில் அச்சாகின்றன. சூடும் வெயிலும் பட்டால் எழுத்து மங்கிவிடும். அதைப் போட்டோ எடுத்து, மாதக் கணக்குக்கு அட்டவணை போட்டால் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும்.

ஒரு பில்லில் நல்லெண்ணெய் விலை 135-ஆ, 185-ஆ என்பது புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அளவு 2, தொகை 370. வகுத்தால் 185. சந்தேகம் தீர்ந்தது.

| பொருள் | அளவு | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|
| துவரம் பருப்பு | 0.485 கிலோ | 164.00 | 79.54 |
| நல்லெண்ணெய் | 2 | 185.00 | 370.00 |
| குளியல் சோப்பு | 3 | 38.00 | 114.00 |
| ரவுண்ட் ஆஃப் | | | 0.46 |
| மொத்தம் | | | 564.00 |

சில பில்களில் எம்.ஆர்.பி., ரேட் என இரண்டு விலை இருக்கும். கடை நம்மிடம் வாங்குவது ரேட்; அதையே எழுதுங்கள். எடை போட்ட பொருளில் புள்ளியை விடாதீர்கள்: 0.485 என்றால் 485 கிராம்.

கடைசியில் தொகைகளைக் கூட்டுங்கள். இங்கே 563.54 வருகிறது, மீதி 46 பைசா ரவுண்ட் ஆஃப். வித்தியாசம் ஒரு ரூபாயைத் தாண்டினால், ஏதோ ஒரு பொருளோ தள்ளுபடி வரியோ விடுபட்டிருக்கலாம், அல்லது ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம். பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.